சங்கபுஷ்பி என்ற ஒரு பெயரும் அதன் பின்னால் நிற்கும் நான்கு செடிகளும்

கேள்வி: தரிசு நிலத்தில் படர்ந்திருந்த சிறிய நீலப் பூச்செடி ஒன்றைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். வடக்கே இருக்கும் நண்பர் இதைச் சங்கபுஷ்பி, ஞாபக சக்திக்கு நல்லது என்கிறார். அந்தப் பெயரில் தேடினால் ஒரு வெள்ளைப் பூச்செடியும் வருகிறது, வேலியில் ஏறும் கொடியும் வருகிறது. அம்மாவோ இது விஷ்ணுகிராந்தி என்கிறார். யார் சொல்வது சரி? சாப்பிடலாமா?

உங்கள் அம்மா சொல்வது சரி. படத்தில் இருப்பது விஷ்ணுகிராந்தி. தாவரவியல் பெயர் எவால்வுலஸ் அல்சினாய்டிஸ். அதற்காக உங்கள் நண்பரைத் தவறு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இதே செடியைச் சங்கபுஷ்பி என்று கற்றவர்களும் எழுதியவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், சங்கபுஷ்பி என்ற பெயரைக் கேட்டதும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதியிலும் ஆட்களின் மனத்தில் வெவ்வேறு செடி வந்து நிற்கிறது. அந்தப் பெயரை வைத்துப் படங்களைத் தேடிய உங்களுக்கு அத்தனை செடிகளும் ஒன்றாக வந்து விழுந்திருக்கின்றன. தாவர வகைப்பாட்டைக் கற்பித்தும் பிறர் அனுப்பும் படங்களுக்குப் பெயர் சொல்லியும் பல ஆண்டுகள் கழித்தவன் நான். ஒரே பெயரால் மக்கள் தடுமாறும் செடிகளில் எனக்கு அதிகம் வருவது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த வெள்ளைப் பூச்செடியிலிருந்து தொடங்கலாம். அது கான்வால்வுலஸ் ப்ராஸ்ட்ராடஸ். பழைய மருத்துவ நூல்களில் கான்வால்வுலஸ் ப்ளூரிகாலிஸ் என்ற பெயரில் இருக்கும்; இரண்டும் ஒரே செடிதான். ராஜஸ்தான், குஜராத், பஞ்சாப் போன்ற வறண்ட வடமேற்குப் பகுதிகளில் மணல் கலந்த தரையில் பரவிக் கிடக்கும். வட இந்தியாவில் ஒரு வைத்தியர் சங்கபுஷ்பி என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார். இந்திய அரசின் ஆயுர்வேத மருந்து நூலும் சங்கபுஷ்பி என்ற பெயருக்கு இந்தச் செடியைத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வேலியில் ஏறும் கொடி நம் சங்குப்பூ, அதாவது காக்கரட்டான். தாவரவியலில் கிளிட்டோரியா டெர்னேட்டியா. கேரளத்தில் சங்குபுஷ்பம் என்றாலே இந்தக் கொடிதான். வங்காளத்தில் இவை எவற்றையும் சேராத நான்காவது செடி ஒன்று இந்தப் பெயரோடு வழங்கிவந்திருக்கிறது. அது கான்ஸ்கோரா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. ஈரமான இடங்களில் நிமிர்ந்து வளரும், நாற்கோணத் தண்டில் சிறகு போன்ற விளிம்புகள் இருக்கும், பூ வெள்ளை. நான்காவதாகச் சொன்ன இதைத் தமிழ்நாட்டில் யாரும் உங்களிடம் சங்கபுஷ்பி என்று காட்டப்போவதில்லை என்பதால் அதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

இந்த நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு என்று நினைத்துவிடக் கூடாது. விஷ்ணுகிராந்தியும் கான்வால்வுலஸும் தாளிக்கொடிக் குடும்பத்தைச் சேர்ந்தவை; அந்த அளவில் உறவு உண்டு. சங்குப்பூ அவரைக் குடும்பம். கான்ஸ்கோரா கசப்புக்குப் பேர்போன ஜென்ஷியன் குடும்பம். மூன்று குடும்பங்களுக்கு ஒரு பெயர் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் சுவையான பகுதி.

சரக சம்ஹிதையில் அறிவுத்திறனுக்கான மருந்துகளாக நான்கு சொல்லப்படுகின்றன: மண்டூகபர்ணியின் சாறு, அதிமதுரத் தூள், சீந்தில் சாறு, சங்கபுஷ்பியை அரைத்த விழுது. இவற்றுள் சங்கபுஷ்பி சிறப்பானது என்றும் அங்கேயே சொல்லப்படுகிறது. ஆனால் அந்த இடத்தில் செடியின் வருணனை கிடையாது. இலை எப்படி, தண்டு ஏறுமா படருமா, காய் எப்படி என்று ஒன்றும் இல்லை. அதைச் சொல்லவேண்டிய தேவையும் அந்த நூலுக்கு இருக்கவில்லை. செடியை ஆசிரியர் மாணவனுக்குக் காட்டிலே நேரில் காட்டினார். பிற்கால நிகண்டுகள் ஒரு செடிக்குப் பல பெயர்களைக் கொடுத்தன, சுவையையும் குணத்தையும் சொல்லின, பூவின் நிறத்தை வைத்துச் சில வகைகளையும் பிரித்தன. அவற்றிலும் ஒரு செடியை இன்னொன்றிலிருந்து சந்தேகமில்லாமல் பிரிக்கும் அளவுக்கு உருவ வருணனை கிடைப்பது அரிது.

நூல் ஊர் ஊராகப் பயணம் செய்தது. செடி பயணம் செய்யவில்லை. வடமேற்கின் வறண்ட நிலத்துச் செடியை ஈரமும் மழையும் மிகுந்த மேற்குக் கரையில் ஒருவர் தேடினால் கிடைக்காது. ஆனால் நூலில் மருந்து எழுதப்பட்டிருக்கிறது, நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கிறார். சங்கு போன்ற பூ உடையது என்ற ஒரே குறிப்புக்குத் தன் வட்டாரத்தில் எது பொருந்துகிறதோ அதை அந்த வைத்தியர் எடுத்துக்கொள்வார். கேரளத்தின் ஈரமான வேலிகளில் கிளிட்டோரியா செழித்து வளர்கிறது. அதன் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் சங்கின் வாய் போலத்தான் இருக்கிறது. விஷ்ணுகிராந்தி இந்தியா முழுவதும் திறந்தவெளியில் வளர்வது. கான்வால்வுலஸ் கிடைக்காத இடத்தில் அதே சாயலில் தரையோடு கிடக்கும் இன்னொரு செடியாக அது இடம்பிடித்தது. இந்த விளக்கத்தில் உறுதியான பகுதி எது, ஊகம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று எந்தப் பகுதியில் எந்தச் செடி இந்தப் பெயரில் வழங்குகிறது என்பது பதிவாகியுள்ள செய்தி. நூலில் வருணனை இல்லாததும் உறுதி. கிடைக்காததால் மாற்றிக்கொண்டார்கள் என்பது செடிகளின் பரவலை வைத்து நாம் ஊகிப்பது. நியாயமான ஊகம், ஆனால் ஊகம்தான். சரகர் காலத்தில் உண்மையில் எந்தச் செடியை அரைத்தார்கள் என்பதை நூலின் சொற்களை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அரசு மருந்து நூல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது இன்றைய மருந்துத் தயாரிப்பில் ஒழுங்கு வேண்டும் என்பதற்காக. அதைப் பழைய வரலாற்றுக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

விஷ்ணுகிராந்தியையும் கான்வால்வுலஸையும் கலந்துகொள்வது வைத்தியர்கள் மட்டும் செய்தது அல்ல. தாவரங்களுக்கு இருசொற் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் 1753-இல் நம் விஷ்ணுகிராந்தியைக் கான்வால்வுலஸ் அல்சினாய்டிஸ் என்றுதான் வெளியிட்டார். 1762-இல் அவரே அதை அங்கிருந்து எடுத்து எவால்வுலஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார். இரண்டு பேரினங்களையும் பிரிக்கும் அடையாளம் பூவின் நடுவே இருக்கிறது. கான்வால்வுலஸ் பூவில் சூல்தண்டு ஒன்றே ஒன்று. அதன் நுனியில் இரண்டு சூல்முடிகள் இருக்கும். எவால்வுலஸ் பூவில் அடியிலிருந்தே இரண்டு சூல்தண்டுகள் எழும்; ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிளந்து, மொத்தம் நான்கு மெல்லிய இழைகளாக நிற்கும். விஷ்ணுகிராந்தி பூ ஒன்றைக் காலையில் பறித்து, இதழ்வட்டத்தை ஒரு பக்கம் மெதுவாகக் கிழித்து விரித்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். வெள்ளை மகரந்தப் பைகள் ஐந்துக்கும் நடுவே அந்த நான்கு இழைகள் தெரியும். ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு இந்தச் செடியில் உங்களை யாரும் குழப்ப முடியாது.

படம் பார்த்துப் பெயர் சொல்வதில் இருக்கும் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. பிரிக்கும் அடையாளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள இழைகளில் இருக்கிறது. படம் எடுப்பவர்கள் அனுப்புவதோ மேலிருந்து எடுத்த அழகான பூ. அதில் தெரிவது நிறம் மட்டும். நிறமோ இந்தக் கூட்டத்தில் மிகவும் நம்பத்தகாத அடையாளம். விஷ்ணுகிராந்தி பெரும்பாலும் நீலம், ஆனால் வெளிர்ந்தும் சில சமயம் வெள்ளையாகவும் பூக்கும். கான்வால்வுலஸ் வெள்ளை முதல் இளஞ்சிவப்பு வரை போகும். சங்குப்பூவில் நீலமும் உண்டு, வெள்ளையும் உண்டு. இதற்குமேல் உச்சி வெயிலில் கைப்பேசியில் எடுத்தால் வெளிர் நீலம் வெள்ளையாகவே பதிந்துவிடும்.

அடுத்த தொல்லை அளவு. படத்தில் எல்லாப் பூக்களும் திரையை நிறைத்துக்கொண்டுதான் நிற்கின்றன. விஷ்ணுகிராந்தி பூவின் குறுக்களவு சுமார் 7 முதல் 10 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவுகூட வராது. கான்வால்வுலஸ் அதைவிடப் பெரியது, 1 முதல் 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சங்குப்பூ 4 முதல் 5 சென்டிமீட்டர். நேரில் பார்ப்பவர் இவற்றை ஒரு கணத்தில் பிரித்துவிடுவார். அருகில் விரலோ அளவுகோலோ இல்லாத படத்தில் அந்த வேறுபாடு முழுவதும் அழிந்துபோகிறது.

உங்கள் படத்தை நான் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன். முதலில் பார்த்தது இலை. தனி இலைகள், ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளம், நீள்வட்ட வடிவம், பட்டுப்போன்ற மயிர். சங்குப்பூவாக இருந்தால் ஒரே காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள் இருந்திருக்கும். அது அங்கேயே விலகிவிட்டது. இரண்டாவது பூக்காம்பு. உங்கள் இரண்டாவது படத்தில் இலைக்கக்கத்திலிருந்து நூல் போன்ற காம்பு ஒன்று இலையைவிட நீளமாக எழுந்து, நுனியில் ஒரு பூவைத் தாங்கி நிற்கிறது. விஷ்ணுகிராந்தியின் தோற்றத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இந்தக் காம்புதான். கான்வால்வுலஸில் இப்படி மயிரிழையாக நீண்ட காம்பைப் பார்க்க முடியாது. செடியே முரட்டு மயிரோடு இருக்கும், இலை குறுகி நீண்டிருக்கும். மூன்றாவது பூவின் வடிவம். உங்கள் பூ ஏறக்குறையத் தட்டையாக விரிந்திருக்கிறது. கான்வால்வுலஸ் பூவுக்குப் புனல் போன்ற ஆழம் உண்டு. அளவுக்கு உங்கள் கட்டைவிரல் படத்தின் ஓரத்தில் விழுந்திருப்பது நல்லதாகப் போயிற்று; பூ நகத்தைவிடச் சிறியது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

ஆகப் பேரினம் எவால்வுலஸ் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. இனத்தைச் சொல்லும்போது இரண்டு செடிகளை விலக்கவேண்டி இருந்தது. ஒன்று, எவால்வுலஸ் நுமுலாரியஸ்: அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே புல்தரைகளில் பரவிவிட்ட செடி. அதன் இலை வட்டமாக இருக்கும், கணுவுக்குக் கணு வேர்விடும், பூ வெள்ளை. உங்களுடையது அது அல்ல. மற்றது தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கும் எவால்வுலஸ் குளோமெரேட்டஸ், பிரேசில் நாட்டுச் செடி. பளிச்சென்ற நீலப் பூ, விஷ்ணுகிராந்தியைப் போல இரு மடங்குக்கும் மேல் பெரியது. கிளை நுனியில் இலைகளுக்கு இடையே நெருக்கமாக, காம்பு இல்லாததுபோல உட்கார்ந்திருக்கும். இதற்கும் விஷ்ணுகிராந்தி என்று பெயர் எழுதிவைப்பதை அடிக்கடி பார்க்கிறேன். இப்படி எழுதப்படுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது, ஏனென்றால் இங்கே பெயரும் நீல நிறமும் பேரினமும் ஒத்துப்போய்விடுகின்றன. மருந்துக்கென்று தேடிவருபவர் ஏமாறுவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது. உங்கள் படத்தில் உள்ள நீண்ட நூற்காம்பும் சிறிய பூவும் அதையும் விலக்கிவிடுகின்றன. எவால்வுலஸ் அல்சினாய்டிஸுக்குள்ளேயே மயிரின் அளவையும் இலையின் வடிவத்தையும் வைத்துச் சில வகைகளைப் பிரிக்கிறார்கள். அவற்றுள் இது எது என்பதைப் படத்தைப் பார்த்து நான் சொல்ல மாட்டேன். அதற்கு உலர்த்திய மாதிரி கையில் வேண்டும்.

இனிமேல் இதுபோன்ற சிறு செடியைப் படம் எடுக்கும்போது பூவை மட்டும் குறிவைக்காதீர்கள். செடி முழுவதும் தெரிய ஒரு படம், அது படர்கிறதா ஏறுகிறதா நிமிர்கிறதா என்பது புரியும்படி. காம்பு எங்கிருந்து புறப்படுகிறது என்பது தெரியப் பக்கவாட்டில் ஒரு படம். இலையின் அடிப்பக்கம், காய் இருந்தால் காய், எதிலாவது ஒன்றில் அளவுகோல். விஷ்ணுகிராந்தி போன்றவற்றுக்கு நேரமும் முக்கியம். அதன் பூ காலையில் விரிந்து பிற்பகலுக்குள் சுருண்டுவிடும்; மாலையில் எடுத்த படத்தில் வெறும் சுருளைப் பார்த்து யாரும் பெயர் சொல்ல முடியாது. வெயில் ஏறுவதற்கு முன் எடுத்தால் நிறமும் ஓரளவு உண்மையாகப் பதியும்.

தேடியபோது உங்களுக்கு வந்த படங்களின் கதையையும் சொல்ல வேண்டும். வட இந்தியர் ஒருவர் கான்வால்வுலஸைப் படம் எடுத்துச் சங்கபுஷ்பி என்று தலைப்பிடுகிறார். அவர் வழக்கில் அது சரி. தமிழில் கட்டுரை எழுதுபவர் அந்தச் செய்தியை எடுத்துச் சங்குப்பூ என்று மாற்றிக்கொள்கிறார்; கூடவே தனக்குத் தெரிந்த நீலக் கொடியின் படத்தைச் சேர்க்கிறார். இப்போது கான்வால்வுலஸைப் பற்றிய பலன்கள் கிளிட்டோரியாவின் படத்துக்குக் கீழே நிற்கின்றன. அடுத்தவர் இந்தக் கட்டுரையைப் பார்த்துத் தன் வேலிக் கொடிக்கு அதே தலைப்பைப் போடுகிறார். ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் பெயரிலிருந்து படத்துக்கும் படத்திலிருந்து பெயருக்கும் போய்க்கொண்டிருந்தால் செடியை யாருமே பார்ப்பதில்லை. எனவே படத்தோடு படம் ஒப்பிடும்போது இந்திய மொழிப் பெயரில் தேடாதீர்கள். தாவரவியல் பெயரில் தேடுங்கள். அதுவும் மாறக்கூடியதுதான், ப்ளூரிகாலிஸ் ப்ராஸ்ட்ராடஸ் ஆனதைப் பார்த்தோம். ஆனால் ஒவ்வொரு தாவரவியல் பெயரும் எங்கோ ஒரு காப்பகத்தில் இருக்கும் உலர்ந்த மாதிரியோடோ அச்சிட்ட ஓவியத்தோடோ கட்டப்பட்டிருக்கிறது. பெயர் மாறினாலும் எந்தச் செடியைச் சொன்னார்கள் என்று பின்னோக்கிப் போய்ச் சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. அதற்காக வட்டாரப் பெயரைத் தூக்கி எறிய வேண்டாம். யார், எந்த ஊரில், எதற்காக அப்படிச் சொன்னார் என்று சேர்த்துக் குறித்துவைத்தால் அது நல்ல தகவல். உங்கள் அம்மா சொன்ன பெயரும் உங்கள் மண்ணும் ஒத்துப்போனதால்தான் எனக்குப் படத்தைத் திறக்கும் முன்பே பாதி வழி தெரிந்துவிட்டது.

சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்ல; அளவோ பத்தியமோ சொல்ல எனக்குத் தகுதி இல்லை. செடியின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல முடியும். நம் சித்த மருத்துவத்தில் விஷ்ணுகிராந்தி முதன்மையாகச் சுரத்துக்கான மூலிகை. உங்கள் நண்பர் சொல்லும் ஞாபக சக்தி என்ற பயன் சங்கபுஷ்பி என்ற பெயரோடு சேர்ந்து வந்தது. அந்தப் பெயரில் வெளியான ஆய்வு ஒவ்வொன்றிலும் எந்தச் செடியை எடுத்தார்கள் என்று பார்க்காமல் அதன் முடிவை உங்கள் தரிசு நிலத்துச் செடிக்குப் பொருத்த முடியாது. கான்வால்வுலஸில் கண்டது எவால்வுலஸிலும் இருக்கும் என்று குடும்ப உறவை மட்டும் வைத்து எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் போதாது. அவரைக் குடும்பத்துக் கொடிக்கு அந்த உறவுகூட இல்லை. உட்கொள்ளும் எண்ணம் இருந்தால் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். பூவும் காயும் வேரும் உள்ள முழுச் செடி ஒன்றைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். பூ வாடிவிடும் என்பதால் இன்னொரு செடியைச் செய்தித்தாளுக்கு இடையே வைத்து அழுத்தி உலர்த்தி, எடுத்த இடத்தையும் தேதியையும் அதிலேயே எழுதிவையுங்கள். சூல்தண்டுகளின் படம் ஒன்றும் எடுக்க முடிந்தால் அனுப்புங்கள். நான்கு இழைகளையும் கண்ணால் பார்த்துவிட்டால் நான் மேலே சொன்னதில் எஞ்சியிருக்கும் சிறு இடைவெளியும் அடைந்துவிடும்.